பாஸ்புக்கில் வந்த அந்த 70 ரூபாய் 21 காசு

வாசகர் கேள்வி:

வணக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மகன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. மருமகளும் பேத்தியும் அவனோடுதான் இருக்கிறார்கள். இங்கே அவன் வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கில் நானும் சேர்ந்திருக்கிறேன். பாஸ்புக், கணக்கோடு இணைத்த போன் எல்லாம் என்னிடம். மாதாமாதம் எக்ஸ்சேஞ்சிலிருந்து பணம் போடுவான். பேத்தியின் ஆன்லைன் கணக்கு வகுப்பு, சினிமா சந்தா, போட்டோ சேமிக்கும் சந்தா எல்லாமே இந்தக் கணக்கின் டெபிட் கார்டில்தான் போகிறது. வகுப்புக்கு 20 டாலர். போன மாதம் 1,700 ரூபாய் எடுத்தார்கள், சரி. நாலு நாள் கழித்து இன்னொரு 70.21 ரூபாய் எடுத்தார்கள். சினிமா சந்தா ரூபாயிலேயே 499தான். அதற்கும் தனியாக 5.89 ரூபாய். கிளையில் கேட்டால், "சிஸ்டம் எடுக்குது சார்" என்கிறார்கள். வங்கி ஏமாற்றுகிறதா? கார்டை பிளாக் பண்ணிவிடலாமா? என் பெயரில் ஒரு கார்டு எடுத்துக் கட்டினால் மிச்சமாகுமா? மகன் வருடத்துக்கு இரண்டு முறை வந்து போவதால் கணக்கில் எதையும் மாற்றவில்லை. ஓடிபி வந்தால் நான்தான் வாட்ஸ்அப்பில் படித்துச் சொல்கிறேன்.

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில் (வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரி):

ஐயா, வங்கி உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு தொகையும் காசு பிசகாமல் கணக்குக்கு வருகின்றன. எனக்குக் கவலை தருவது வேறொன்று. "கணக்கில் எதையும் மாற்றவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அந்த 70 ரூபாயை முதலில் தீர்த்துவிட்டு அங்கே வருகிறேன்.

20 டாலர் எப்படி 1,770 ஆனது

வகுப்பு நடத்துகிறவர்கள் டாலரில் கேட்கிறார்கள். அதை ரூபாயாக மாற்றுவது உங்கள் கிளை இல்லை. கார்டின் மூலையில் விசா என்றோ மாஸ்டர்கார்டு என்றோ போட்டிருக்கும், அந்த நெட்வொர்க். அவர்கள் அன்றன்றைக்கு ஒரு விகிதம் வைத்திருப்பார்கள். உங்கள் விஷயத்தில் அது டாலருக்கு 85 ரூபாயாக இருந்திருக்கிறது, அதனால் 1,700. இதுவரை வங்கிக்கு ஒன்றும் போகவில்லை. வெளிநாட்டு நாணயத்தில் கார்டை உபயோகித்ததற்காக வங்கி தன் பங்குக்கு வாங்குவதுதான் "மார்க்கப்". நம் ஊர் வங்கிகளில் 3.5 சதவீதம் என்பது பரவலாக இருக்கும் விகிதம். 2 சதவீதம் வாங்கும் கார்டுகளும் உண்டு, ஒன்றுமே வாங்காதவையும் உண்டு. 1,700 ரூபாய்க்கு 3.5 சதவீதம் என்றால் 59 ரூபாய் 50 காசு. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 10 ரூபாய் 71 காசு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 70.21 வரும். ஜிஎஸ்டி 1,700 ரூபாய்க்குப் போடப்படவில்லை, வங்கியின் கட்டணத்துக்கு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். ஆக, டாலரில் செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 4 ரூபாய் 13 காசு கூடுதலாகப் போகிறது.

நாலு நாள் தள்ளி வந்ததற்கும் காரணம் இருக்கிறது. கார்டு எண்ணைக் கொடுத்தவுடன் வங்கி அந்தப் பணத்தை ஒதுக்கி மட்டுமே வைக்கிறது. வகுப்புக்காரர்கள் தங்கள் வங்கி வழியாகக் கேட்டு வாங்கும்போதுதான் கணக்கு முடிகிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். கட்டணம் அதற்குப் பிறகு தனி வரியாக ஏறும். செலவு செய்த அன்றைக்கு இணையத்தில் பார்த்த டாலர் விலையும் பாஸ்புக்கில் உள்ளதும் சில பைசா வித்தியாசப்படுவதும் இதனால்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டு நிறுவனங்களின் இணையதளத்திலும் எந்தத் தேதிக்கு என்ன விகிதம் என்று காட்டும் பக்கம் இருக்கிறது. வங்கிக் கட்டணம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு, பாஸ்புக்கில் உள்ள தேதியையும் அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னையும் போட்டுப் பாருங்கள். ஒன்று பொருந்திவிடும். பிறகு உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் உங்கள் கார்டுக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அதற்கு மேல் எடுத்திருந்தாலோ, ஒரே செலவுக்கு இரண்டு முறை எடுத்திருந்தாலோ மட்டும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம், செலவில்லை. "சிஸ்டம் எடுக்குது" என்பது பதிலே கிடையாது. கிளையில் ஒருவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

ரூபாயில் காட்டிய சந்தாவுக்கு எதற்குக் கட்டணம்?

499 ரூபாய்க்கு 1 சதவீதம் 4.99. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 காசு. மொத்தம் 5.89. விலை ரூபாயில் இருந்தாலும் அதை வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானது. பணம் எல்லை தாண்டுகிறதா என்பதைத்தான் வங்கி பார்க்கிறது, எந்த நாணயத்தில் விலை போட்டிருக்கிறது என்பதை அல்ல. இந்த மாதிரிச் செலவுக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் அளவில் வாங்குகின்றன.

அப்படியானால் 3.5 சதவீதத்தைவிட இது குறைவுதானே, எல்லாவற்றையும் ரூபாயிலேயே கட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அந்த சினிமா சந்தாவுக்கு இந்தியாவுக்கென்றே 499 என்று விலை வைத்திருக்கிறார்கள். அதில் நாணய மாற்றமே நடக்கவில்லை. 20 டாலர் வகுப்புக்குப் பணம் கட்டும் பக்கத்தில் "ரூபாயில் செலுத்தவும்" என்று ஒரு பொத்தான் வந்தால் அது வேறு கதை. அங்கே விகிதம் வைப்பது விற்பவரோ அவருடைய வங்கியோதான், அவர்கள் லாபமும் அதிலேயே இருக்கும். அந்தப் பக்கம் 1,790 ரூபாய் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 21.12. மொத்தம் 1,811 ரூபாய் 12 காசு. டாலரிலேயே விட்டிருந்தால் 1,770.21. ஆகவே டாலர் விலை உள்ள பொருளை டாலரில் கட்டுங்கள். இந்திய விலை உள்ள பொருள் மட்டும் ரூபாயில் இருக்கட்டும்.

ஷார்ஜாவிலிருந்து தண்டையார்பேட்டை வந்து மறுபடி வெளியே

பாஸ்புக்கில் வராத ஒரு செலவும் இருக்கிறது. மகன் திர்ஹாமில் சம்பாதிக்கிறார். அதை எக்ஸ்சேஞ்சில் ரூபாயாக்கி இங்கே அனுப்புகிறார். இங்கிருந்து அந்த ரூபாய் டாலராகி வெளியே போகிறது. கொருக்குப்பேட்டைக்குப் போக வேண்டியவர் எண்ணூர் போய்த் திரும்பி வருகிற மாதிரி.

திர்ஹாமின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டது. 1997லிருந்து ஒரு டாலர் 3.6725 திர்ஹாம்தான், மாறுவதில்லை. அதனால் 20 டாலர் வகுப்பின் நேர் விலை 73.45 திர்ஹாம். டாலர் 85 ரூபாய் என்றால் ஒரு திர்ஹாம் 23 ரூபாய் 14 காசுக்குச் சமம். எக்ஸ்சேஞ்சில் அதைவிடக் கொஞ்சம் குறைத்து, 23 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கிலிருந்து போன 1,770.21 ரூபாயைச் சேர்க்க மகன் அங்கே 76.97 திர்ஹாம் கொடுத்திருக்க வேண்டும். வித்தியாசம் மூன்றரை திர்ஹாம், நம் கணக்கில் சுமார் 81 ரூபாய். எல்லாச் சந்தாவும் சேர்ந்து மாதம் 60 டாலர் ஆகிறது என்றால் மாதத்துக்கு 243 ரூபாய், வருடத்துக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தூக்கம் கெட வேண்டிய தொகை இல்லை. ஆனால் சும்மா விடவும் மனம் வராது.

ஷார்ஜாவில் அவருக்குச் சம்பளம் விழும் வங்கியின் கார்டிலேயே கட்டினால்? கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அங்குள்ள கார்டுகளும் டாலர் செலவுக்குக் கட்டணம் போடும். அது 3 சதவீதம் என்றால் 75.65 திர்ஹாம் ஆகும். இங்கே கட்டுவதைவிட ஒரு திர்ஹாம் சொச்சம்தான், அதாவது 30 ரூபாய்தான் மிச்சம். உண்மையான மிச்சம், அந்தச் சேவை திர்ஹாமிலேயே விலை வைத்து அந்த நாட்டுக்குள்ளேயே பணம் வாங்கினால்தான் கிடைக்கும். திர்ஹாமில் விலை போட்டுவிட்டு வெளிநாட்டில் பணம் வாங்கினால், உங்கள் 5.89 போல அங்கும் ஒரு கட்டணம் வரும். ஆகவே மகன் தன் வங்கியில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். டாலர் செலவுக்கு எத்தனை சதவீதம்? திர்ஹாமில் விலை போட்டு வெளிநாட்டில் வாங்குகிற செலவுக்கு எத்தனை சதவீதம்?

உங்கள் பெயரில் கார்டு எடுத்துக் கட்டும் யோசனையால் எந்த மிச்சமும் இல்லை ஐயா. அதே மார்க்கப் உங்களுக்கும் உண்டு, அதே சுற்றுவழிதான். மார்க்கப் இல்லாத கார்டாகவே எடுத்தாலும் அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்று பார்க்க வேண்டும். மகன் வீட்டுச் செலவு உங்கள் பெயரில் வெளிநாட்டுச் செலவாகப் பதிவாவதும் தேவையில்லாத சிக்கல்.

கணக்குதான் முக்கியமாக மாற வேண்டும்

வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகிறார், அதனால் பழைய கணக்கே போதும் என்பது மிகவும் பரவலான எண்ணம். எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்பது வருமான வரிக்குப் பார்க்கும் கணக்கு. வங்கிக் கணக்குக்கு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம்தான். அதன்படி வெளிநாட்டில் வேலைக்கென்று போனவர் போன நாளிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவர். லீவுக்கு வந்து போவதால் அது மாறாது. அப்படிப்பட்டவர் இங்கே சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. அதை வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கென்று உள்ள என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வங்கிக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி தந்திருக்கும் வருடத்துக்கு 2,50,000 டாலர் அனுமதியும் இங்கே வசிப்பவர்களுக்குத்தான். மகனுடைய டெபிட் கார்டில் போகும் ஒவ்வொரு டாலரும் அவருக்குப் பொருந்தாத அந்த அனுமதியின் கீழ் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஃபெமாவில் அபராதம் கடுமையானது, சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். ஆனால் தானே போய்ச் சொல்லி மாற்றிக்கொள்பவரிடம் வங்கி வழக்கமாகக் கேட்பது படிவமும் ஆவணமும்தான். நாள் கடத்திக்கொண்டே போவதுதான் நல்லதல்ல.

மகனுக்கு இரண்டு கணக்கு தேவைப்படும். பழையது என்ஆர்ஓ ஆகும். இந்தியாவில் வரும் வாடகை, வட்டி போன்றவை அதில் சேரும். அந்த வட்டிக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட என்ஆர்இ கணக்கு தனியாகத் திறக்க வேண்டும். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் தடையில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்ஆர்ஓ டெபிட் கார்டைப் பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு விடுவதில்லை. என்ஆர்இ கார்டு வெளிநாட்டில் வேலை செய்யும், ஆனால் அதிலும் மார்க்கப் உண்டு. ஆகவே கணக்கை மாற்றினால் 70 ரூபாய் நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இது சட்டத்துக்காகச் செய்வது. 70 ரூபாயை நிறுத்த சந்தாக்களைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

பிளாக் பண்ணுவது கடைசியில்

கார்டை பிளாக் செய்தால் சந்தா ரத்தாகாது. நிறுவனம் பணம் கேட்கும், கிடைக்காது, மறுபடி கேட்கும். பேத்தியின் வகுப்பு இடம் பறிபோகலாம். போட்டோ சேமிப்பில் இலவச அளவுக்கு மேல் போயிருந்தால் புதிய படங்கள் ஏறாது. கணக்கு என்ஆர்ஓ ஆகும்போது பழைய கார்டு எப்படியும் நின்றுபோகும். அதனால் வரிசை முக்கியம்.

முதலில் மகன் எல்லாச் சந்தாவையும் பட்டியல் போடட்டும். போனின் ஆப் ஸ்டோரில் உள்ள சந்தாப் பகுதியைப் பார்த்தால் ஒரு பாதி வரும். மீதி உங்கள் வங்கியின் தளத்தில், கார்டில் பதிவான தானியங்கிக் கட்டளைகளின் பட்டியலில் இருக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் ஷார்ஜா கார்டைப் போட வேண்டும். ஆப் ஸ்டோர் வழியாகப் போகும் சந்தா என்றால் அந்தக் கணக்கின் நாடு இந்தியா என்று இருக்கும்; அதை மாற்றாமல் அந்த ஊர் கார்டும் அந்த ஊர் விலையும் வராமல் போகலாம். கூகுள் பிளேயில் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், பழைய நாட்டில் உள்ள இருப்புத் தொகை புதிய நாட்டுக்கு வராது. ஆப்பிளில் இருப்பைச் செலவழித்து, ஓடும் சந்தாக்களை முடித்த பிறகே மாற்ற விடுவார்கள். 499 ரூபாய் சினிமா சந்தா இந்திய விலை. நாடு மாறினால் அங்கத்திய விலைதான் வரும், அது கூடுதலாகவும் இருக்கலாம். அதைத் தொடர வேண்டுமா என்பதை மருமகள் முடிவு செய்யட்டும். மாற்றி ஒரு மாதச் சுற்று ஷார்ஜா கார்டில் சரியாகப் போனதைப் பார்த்த பிறகு, கணக்கு மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய கார்டை அதற்கப்புறம் மூடலாம்.

இந்த இடைவெளியில் ஒரு காரியம் செய்யலாம். வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டு உபயோகத்துக்குத் தனி வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. மாதச் சந்தாவுக்குத் தேவையான அளவோடு அதை நிறுத்தி வையுங்கள். கார்டு எண் எங்காவது கசிந்தாலும் கணக்கு துடைக்கப்படாது.

ஓடிபி படித்துச் சொல்வதை நிறுத்திவிடுங்கள் ஐயா, இதை உரிமையோடு சொல்கிறேன். 15,000 ரூபாய் வரை உள்ள, ஏற்கெனவே பதிவான மாதச் சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. குறைந்தது 24 மணி நேரம் முன்பே "இன்ன நிறுவனம், இவ்வளவு தொகை, வேண்டாமென்றால் நிறுத்தலாம்" என்று வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வரும், அவ்வளவுதான். ஆகவே "உங்கள் பேத்தியின் வகுப்பு நின்றுவிடும், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. 200 டாலர் ஆண்டுச் சந்தா மாதிரி 15,000ஐத் தாண்டும் தொகைக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். என்ஆர்ஐ கணக்குக்குப் பல வங்கிகள் வெளிநாட்டு எண்ணையே பதிவு செய்கின்றன. மகன் தன் ஷார்ஜா எண்ணைக் கொடுத்துவிட்டால் உங்கள் போன் இதிலிருந்து விடுபடும்.

உங்கள் வீட்டுச் செலவு என்னாகும் என்று நினைப்பீர்கள். உங்களுடைய தனிச் சேமிப்புக் கணக்குக்கே மகன் நேராக அனுப்பலாம். மகன் தருவது நெருங்கிய உறவினர் தரும் பணம், உங்களுக்கு அதில் வரி இல்லை. என்ஆர்ஓ கணக்கில் உங்கள் பெயர் தொடரலாம், ஆனால் "முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில்தான், அதாவது முதலாமவரான மகன்தான் கணக்கை இயக்குவார். அதிலிருந்து இங்கே வீட்டு வரி, கரண்ட் பில் போன்றவற்றைக் கட்ட மகன் உங்களுக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது பாஸ்போர்ட், ஷார்ஜா விசா, அங்கத்திய முகவரிச் சான்று, பான் கார்டு நான்கையும் அசலும் நகலுமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்த முதல் வாரமே கிளைக்குப் போங்கள். ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டால் ஏதாவது ஒரு கையெழுத்து பாக்கி நின்றுவிடும்.